அப்பாவின் நம்பர் அம்மா பெயருக்கு: எதை முதலில் செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டத்தில் கங்காணியாக இருந்த அப்பா இரண்டு மாதங்களுக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். 58 வயதுதான். அவருடைய போனும் பிரிபெய்ட் சிம்மும் இப்போது அண்ணனிடம் இருக்கின்றன. பேங்க் ஆப், டச் அண்ட் கோ வாலட் எல்லாம் அதில்தான். "பின் நம்பர் எனக்குத் தெரியும், டாப் அப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும்" என்கிறார். சொந்தபந்தம் எல்லோரிடமும் இருப்பது அந்த நம்பர்தான் என்று அம்மா அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கிறார். சித்தப்பாவோ உடனே லைனை வெட்டச் சொல்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா டுயிட்நவ்வில் அனுப்பிய 300 ரிங்கிட்டும் அப்பா கணக்குக்கே போய்விட்டது. வீட்டு கிராந்து அப்பா பெயரில். அம்மா அப்பாவின் கல்யாணப் பத்திரம் தேடியும் கிடைக்கவில்லை. நாங்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?
— மகள், சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரி, அப்பாவை இழந்த துக்கத்தோடு இந்த வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. சித்தப்பா சொல்வதுபோல் இன்றே லைனை வெட்டாதீர்கள். அண்ணன் சொல்வதுபோல் இப்படியே ஓட்டவும் வேண்டாம். நம்பர் உயிரோடு இருக்கட்டும். அதோடு கட்டப்பட்டிருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, கடைசியில் நம்பரை அம்மா பெயருக்கு மாற்றுங்கள். இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கே புரியும்.

பிரிபெய்ட் நம்பர் காலாவதியானாலோ நாமே வெட்டினாலோ, அது என்றைக்கும் சும்மா கிடக்காது. சில காலம் கழித்து கம்பெனி அதை வேறொருவருக்குப் புது நம்பராக விற்றுவிடும். அப்பாவின் வாலட்டும் இமெயிலும் அப்போதும் அதே நம்பரோடு இணைந்திருந்தால், 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று யாராவது அழுத்தும்போது வரும் குறியீடு முன்பின் தெரியாத அந்த ஆளின் போனுக்குப் போகும். சித்தப்பா எதற்குப் பயப்படுகிறாரோ, அதற்கு வழி திறந்துவிடுவது அவசரமாக லைனை வெட்டுவதுதான். ஆகவே வேலை முடியும்வரை சிறிய டாப் அப் போட்டுக் காலாவதி தேதியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அந்த அளவில் அண்ணன் செய்வது சரி.

ஆனால் பின் நம்பர் தெரியும் என்பதற்காக அந்த பேங்க் ஆப்பைத் திறந்து பணம் எடுக்கக்கூடாது. அப்பா கண்மூடிய நிமிடத்திலிருந்து அந்தப் பணம் அவர் விட்டுச்சென்ற மரபுச் சொத்து. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதைத் தொடும் அதிகாரம், முறைப்படி நிர்வாகி நியமிக்கப்படும்வரை ஒருவருக்கும் இல்லை. பிறகு கணக்கு அறிக்கை எடுக்கும்போது இறப்புத் தேதிக்குப் பின் போன ஒவ்வொரு ரிங்கிட்டும் அதில் தெரியும், யார் எடுத்தது என்ற கேள்வி வரும். நல்ல மனதோடு காரியச் செலவுக்கு எடுத்த பிள்ளைகள்கூட அந்தக் கேள்வியில் உடன்பிறப்போடு மனக்கசப்பாகிப் போனதை நான் என் வேலையில் பார்த்திருக்கிறேன். அண்ணன் சொந்தக் காசில் செலவழித்திருந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஈமச்சடங்குக்கான நியாயமான செலவை மரபுச் சொத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு போடுவார்கள்.

இனி அந்த நம்பரோடு என்னென்ன கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். அப்பாவின் போனில் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து ஒரு வருடம் பின்னோக்கிப் படியுங்கள். ஆட்கள் அனுப்பியதை விட்டுவிட்டு, RM0 என்று தொடங்கும் செய்திகளையும், சாதாரண போன் நம்பராக இல்லாமல் ஐந்து இலக்கக் குறுநம்பரிலிருந்து வந்தவற்றையும் பாருங்கள். பேங்க், வாலட், இபிஎப், காப்புறுதி, கடன் தவணை என்று அப்பாவின் பண உறவுகளில் பெரும்பாலானவை அங்கேயே பெயரோடு நிற்கும். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போனில் உள்ள ஆப்களைப் பார்த்து விடுபட்டதைச் சேருங்கள். இவ்வளவும் முடியும்வரை போனை ரீசெட் செய்யவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.

டுயிட்நவ்வைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் பேங்க் ஆப்பில் டுயிட்நவ் பணம் அனுப்பும் இடத்தில் அப்பாவின் நம்பரை அடியுங்கள். உறுதிப்படுத்தும் பக்கத்தில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டு, அனுப்பாமல் வெளியேறிவிடுங்கள். அப்பா பெயர் வந்தால் அந்த நம்பர் இன்னும் அவர் கணக்கோடு இணைந்திருக்கிறது. மாமாவின் 300 ரிங்கிட் அங்கே போனது இதனால்தான். நம்பர் யார் கையில் இருக்கிறது என்பதை டுயிட்நவ் பார்ப்பதில்லை, எந்தக் கணக்கோடு பதிவாகியிருக்கிறது என்பதையே பார்க்கிறது. நாளைக்கு சிம் அம்மா பெயருக்கு மாறினாலும், இந்தப் பதிவை நீக்காதவரை சொந்தக்காரர்கள் அனுப்பும் காசு அப்பா கணக்கிலேயே போய் விழும். அம்மா தன் கணக்குக்கு அதே நம்பரைப் பதிய முயன்றாலும், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று ஆப் மறுத்துவிடும்.

அந்த 300 ரிங்கிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமா யார் நம்பருக்கு அனுப்ப நினைத்தாரோ அந்த நம்பருக்கே பணம் போயிருக்கிறது. ஆகவே தவறுதலாக அனுப்பிய பணம் என்று பேங்க் அதைத் திருப்பித் தருவது கடினம். அனுப்பிய ரசீதை மாமாவிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருப்போடு சேர்த்து அது பின்னர் வெளியே வரும்போது குடும்பத்துக்குள் சரிசெய்துகொள்ளலாம். இதற்காக அண்ணன் ஆப்பைத் திறக்க வேண்டாம்.

முதல் பயணம் பேங்குக்கு. இதை ஏன் நம்பர் மாற்றத்துக்கு முன்னால் வைக்கிறேன் என்றால், பாங்க் நெகாரா 2022இல் அறிவித்ததன்படி பேங்குகள் எஸ்எம்எஸ் குறியீட்டை விட்டுவிட்டு, போனில் இருக்கும் ஆப் வழியாகவே பணப் பரிமாற்றங்களை உறுதிசெய்யும் முறைக்கு மாறிவிட்டன. அந்த அனுமதி சிம்மில் இல்லை, போனில் இருக்கிறது. சிம்மைக் கழற்றி எறிந்தாலும், போனும் பின் நம்பரும் கையில் உள்ளவர் வைஃபையில் அந்த ஆப்பை இயக்க முடியும். அதை நிறுத்தக்கூடியது பேங்க் மட்டுமே.

அம்மாவும் நீங்களும் மரணச் சான்றிதழின் அசலோடும் உங்கள் மைகார்டுகளோடும் கிளைக்குப் போங்கள். அப்பாவின் ஐசியை மரணப் பதிவின்போது தேசியப் பதிவிலாகாவில் ஒப்படைத்திருப்பீர்கள். அதன் நகல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், மரணச் சான்றிதழிலேயே ஐசி எண் இருக்கும். அசலைக் காட்டி நகல் எடுக்க விடுங்கள். எந்தக் கவுண்டரிலும் அசலை விட்டுவிட்டு வராதீர்கள். கவுண்டரில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கணக்கை முடக்க வேண்டும், இணைய வங்கிச் சேவையையும் ஆப்பையும் நிறுத்த வேண்டும், டுயிட்நவ்விலிருந்து இந்த நம்பரை நீக்க வேண்டும். மூன்றாவதை நாமாகக் கேட்காவிட்டால் பலரும் செய்வதில்லை. வெளியே வருமுன் மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்து பாருங்கள். உடனே மாறாவிட்டால், எப்போது நீங்கும் என்று அந்த அதிகாரியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேங்குக்குப் போகுமுன் வீட்டில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கணக்கு முடங்கினால் அதிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிந்துகொண்டிருந்ததெல்லாம் நின்றுவிடும். அம்மாவின் மருத்துவ அட்டைக்கான சந்தா அப்பா கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால், ஒருவரும் கவனிக்காமல் அது காலாவதியாகிவிடும். அதன் அருமை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும். மின்சாரம், வீட்டுக் கடன் ஆகியவற்றையும் பார்த்து, இருந்தால் உங்களில் ஒருவர் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். தோட்ட ஆபீசிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பாவின் கடைசிச் சம்பளம் இன்னும் பாக்கி இருந்தால், பழைய கணக்கில் போடுமுன் அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

முடங்கிய பணம் தொலைந்த பணம் அல்ல. அப்பா உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வீட்டு கிராந்து அப்பா பெயரில் இருப்பதால் உங்களுக்கான இடம் பெஜாபாட் தானா. நிலமோ வீடோ அடங்கிய, மொத்தம் 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாத சொத்தைச் சிறு மரபுச் சொத்தாக அங்கேயே விசாரித்து உத்தரவு தருவார்கள். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. வீட்டுக்கான மனுவிலேயே பேங்க் கணக்கையும் வாலட் இருப்பையும் சேர்த்து எழுதுங்கள், தனியாக இன்னொரு மனு வேண்டாம். வீடே இல்லாமல் வெறும் பேங்க் பணம் மட்டும் உள்ள குடும்பங்கள், அது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாவிட்டால், அமானா ராயாவுக்குப் போகலாம்.

இபிஎப் இதிலெல்லாம் சேராது. அப்பா யாரைப் பயனாளியாகப் போட்டிருக்கிறாரோ அவர் நேரடியாகக் கேட்டு வாங்கலாம், பெஜாபாட் தானா உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு தேதி இருக்கிறது. 60 வயதுக்குள் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு இபிஎப் 2,500 ரிங்கிட் மரண உதவி தருகிறது. அதை இறந்த 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. நம்பர் வேலை எப்படி நடந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவில் அம்மாவின் சொந்தக் கணக்கையும், இப்போது அவர் கையில் உள்ள வேறொரு நம்பரையும் கொடுங்கள். இன்னும் மாற்றப்படாத அப்பாவின் நம்பரைக் கொடுத்தால், நடுவில் லைன் தடைபட்டால் மனுவும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால், சொக்சோவில் குடும்பத்துக்கான பென்சன் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

வாலட்டுக்கு வருவோம். டச் அண்ட் கோ வாலட்டின் அடையாளமே போன் நம்பர்தான். பேங்குக்கு இருப்பதுபோல் நடந்துபோய்க் கேட்கும் கிளை நம் பட்டணத்தில் இல்லாததால், ஆப்பின் உதவிப் பகுதி வழியாகவோ அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை வழியாகவோ மரணத்தைத் தெரிவித்து, இருப்பைக் கோரி, கணக்கை மூடச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழையும் உறவுக்கான பத்திரத்தையும் படமெடுத்துத் தயாராக வையுங்கள். அதற்குமுன் அப்பாவின் காரில் ஆர்எப்ஐடி ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். டோலில் அது கழிப்பது அப்பாவின் வாலட்டிலிருந்துதான். வாலட் மூடிய மறுநாள் அண்ணன் ஈப்போவுக்குக் கிளம்பினால் டோல் தடுப்பு திறக்காது. கையில் டச் அண்ட் கோ அட்டையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம்பரைப் பெயர் மாற்றுவதில் முதல் கேள்வி, அது உண்மையில் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. சிரிக்காதீர்கள், தோட்டப்புறத்தில் இது அடிக்கடி நடப்பது. அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்த மகனின் ஐசியில், தம்பியின் ஐசியில், சில சமயம் சிம் வாங்கும்போது கூட நின்ற நண்பரின் ஐசியில்கூடப் பதிவாகியிருக்கும். அண்ணன் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழுக்கே வேலையில்லை. உயிரோடிருக்கும் இருவருக்கிடையே நடக்கும் சாதாரணப் பெயர் மாற்றம்தான் அது. அண்ணனும் அம்மாவும் சேர்ந்து போனால் முடிந்துவிடும். யார் பெயர் என்று சிம் கம்பெனியின் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கிளை என்று நான் சொல்வது கம்பெனியின் சொந்தக் கிளையை. கடைத்தெருவில் சிம்மும் கவரும் விற்கும் போன் கடைகள் டாப் அப்புக்கும் புது சிம்முக்கும் நல்லவை. இறந்தவரின் பெயர் மாற்றத்தைச் செய்துகொடுக்கும் அதிகாரம் பொதுவாக அவர்களிடம் இருக்காது. "கொடுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்று பத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஈப்போவுக்குப் போவதாக இருந்தால், கம்பெனியின் சேவை எண்ணில் கூப்பிட்டு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும். பொதுவாக மரணச் சான்றிதழ், புதிதாக எடுத்துக்கொள்பவரின் மைகார்டு, உறவைக் காட்டும் பத்திரம், அந்த சிம் ஆகியவை போதும். அம்மா நேரில் வர வேண்டியிருக்கும், ஏனென்றால் பதிவு அவருடைய மைகார்டை வைத்து நடக்கிறது.

உறவுப் பத்திரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கல்யாணத்தைப் பதிந்தது உண்மையென்றால் பத்திரம் தொலைந்தது பெரிய விஷயமில்லை, தேசியப் பதிவிலாகாவில் சான்றளித்த நகல் கேட்டு வாங்கலாம். அது வரும்வரை உங்கள் பிறப்புப் பத்திரத்தைக் காட்டுங்கள். அப்பா, அம்மா இருவர் பெயரும் ஐசி எண்ணும் ஒரே தாளில் இருக்கும் பத்திரம் அது. கல்யாணப் பத்திரம் கையில் இல்லாதவர்களுக்கு அதுவே கைகொடுக்கும். பெயர் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், ஐசி எண் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சூராட் அக்குவான் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஒருவேளை கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே செய்யவில்லை என்றால் அது போன் நம்பரைவிடப் பெரிய விஷயம். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த, பதியாத கல்யாணத்தில் அம்மாவின் வாரிசு உரிமையே கேள்விக்குள்ளாகும். பெஜாபாட் தானாவில் மனுப் போடுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிள்ளைகளாகிய உங்கள் பிறப்புப் பத்திரங்களையும் அப்போது எடுத்துப்போங்கள்.

பெயர் மாற்றத்தன்று சிம்மை அம்மாவின் போனில் போடுமுன், வாட்ஸ்அப்பைக் கவனியுங்கள். அம்மாவின் போனில் அந்த நம்பரை வாட்ஸ்அப்பில் பதிந்த உடனே அப்பாவின் போனில் அது வெளியேறிவிடும். அப்பா அனுப்பிய குரல் செய்திகளில் சேமிக்காதவை அந்தப் போனோடு நின்றுபோகும். ஆகவே முந்தின நாளே அப்பாவின் போனில் முக்கியமான உரையாடல் ஒவ்வொன்றையும் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, More, Export chat என்று போய், படங்களையும் குரல் செய்திகளையும் சேர்த்து உங்கள் இமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். நீண்ட உரையாடல்களில் எல்லாப் படங்களும் வராது, வேண்டியவற்றைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். பிறகு அப்பாவின் போனிலேயே அந்த வாட்ஸ்அப் கணக்கை நீக்கிவிட்டு, அம்மாவின் போனில் புதிதாகத் தொடங்குவதே நல்லது. அப்படிச் செய்யாவிட்டால் அம்மா முதன்முதலாகச் செய்தி அனுப்பும்போது அப்பாவின் படத்தோடும் பெயரோடும் அது சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேரும். துக்கம் ஆறாத வீட்டில் அது யாரையும் உலுக்கிவிடும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கு அப்பா ஆறிலக்கப் பின் வைத்திருந்து அது உங்களுக்குத் தெரியாவிட்டால், புதுப் போனில் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரலாம். பழைய போனில் கணக்கை நீக்கிவிட்டால் அந்தக் காத்திருப்பும் இல்லை.

இந்த நாட்களில் அந்த நம்பருக்கு பேங்க் என்றும் இபிஎப் என்றும் சொல்லிக்கொண்டு அழைப்புகள் வரலாம். நாளிதழில் வந்த இரங்கல் அறிவிப்பில் போன் நம்பரைப் போட்டிருந்தால் இன்னும் அதிகம் வரும். போனில் யார் கேட்டாலும் குறியீட்டையோ அப்பாவின் ஐசி எண்ணையோ சொல்லக்கூடாது என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் சொல்லி வையுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு அழையுங்கள், பணத்தின் தடத்தைப் பிடித்து நிறுத்த முயல்வது அவர்கள்தான்.

எல்லாப் பத்திரமும் இருந்தும் கிளையில் இழுத்தடித்தால், மறுத்ததற்கான காரணத்தையும் பார்த்த தேதியையும் எழுதி வாங்குங்கள். முதலில் அந்தக் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தகவல் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 1800-188-030க்குப் பேசுங்கள். கம்பெனியிடம் கொடுத்த புகாரின் எண் கையில் இல்லாமல் அங்கே போனால், முதலில் கம்பெனியிடமே போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.